குருவும் சனியும் ஒட்டி நின்ற மார்கழி: கிரக யுத்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயம் பக்கம் ஜாதகம் பார்க்கிறேன். 2020 மார்கழியில் பிறந்த குழந்தைகளின் ஜாதகம் இப்போது நிறைய வருகிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நேரத்தில் எங்கோ காட்டியிருப்பார்கள், "குருவுக்கும் சனிக்கும் யுத்தம்" என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். தாத்தாவும் பாட்டியும் முகம் வாடி வந்து உட்காருவார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கிரக யுத்தம்னா என்னங்க? ஒரே கட்டத்துல ரெண்டு கிரகம் இருந்தாலே யுத்தமா?

இல்லை. ஒரே கட்டத்தில் இருந்தால் அது சேர்க்கை. ஒரு ராசி 30 பாகை. அதன் இந்த முனையில் ஒன்றும் அந்த முனையில் ஒன்றும் நின்றால்கூடச் சேர்க்கைதான். யுத்தம் என்று சொல்ல இரண்டுக்கும் நடுவே ஒரு பாகைக்குள்தான் இடைவெளி இருக்க வேண்டும். கையை நீட்டிச் சுண்டுவிரலை வானத்துக்கு நேரே பிடியுங்கள். அந்த விரல் மறைக்கிற அகலம் ஏறக்குறைய ஒரு பாகை. இரண்டு கிரகமும் அந்த விரலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் அதுதான் யுத்தம்.

எல்லாக் கிரகத்துக்கும் இது பொருந்தாது. செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி ஆகிய ஐந்துக்குள் மட்டும்தான். சூரியனோடு நெருங்கினால் அஸ்தங்கம். சந்திரனோடு நெருங்கினால் சமாகமம். ராகு, கேதுவுக்கு உருவமே இல்லை, அவை யாரோடு சண்டை போடுவது?

ஜோசியரைக் கேட்டாத்தான் தெரியுமா? நாமளே பார்த்துக்க முடியாதுங்களா?

பார்க்கலாம். ஆனால் ராசிக் கட்டத்தை மட்டும் பார்த்தால் தெரியாது. ஜாதகத்தின் முன்பக்கத்தில் கிரக ஸ்புடம் என்று ஒரு அட்டவணை இருக்கும். அதில் ஒவ்வொரு கிரகமும் எந்த ராசியில் எத்தனை பாகை, எத்தனை கலை என்று போட்டிருக்கும். ஒரு பாகைக்கு 60 கலை. இரண்டு கிரகத்தின் எண்களைக் கழித்துப் பாருங்கள். 60 கலைக்குக் கீழே வந்தால் மேலே விசாரிக்கலாம்.

கட்டம் ஏமாற்றுகிற இடம் ஒன்று உண்டு. ஒன்று தனுசு 29 பாகை 40 கலையிலும், இன்னொன்று மகரம் 10 கலையிலும் இருப்பதாக வையுங்கள். கட்டத்தில் அவை வேறு வேறு வீடு. வானத்தில் இடைவெளி வெறும் 30 கலை. ராசி மாறிவிட்டதால் யுத்தம் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. வானத்தில் யாரும் கோடு கிழித்து வைக்கவில்லையே என்பது என் கட்சி.

என் பேரன் 2020 டிசம்பர் 18 ராத்திரி பொறந்தான். அவனுக்கு யுத்தம் இருக்குதுன்னு ஒருத்தர் சொல்றாரு, இல்லவே இல்லைன்னு இன்னொருத்தர் சொல்றாரு. ரெண்டு பேரும் கட்டம் போட்டுத்தானே காட்டறாங்க?

இதைக் கேட்ட அப்பத்தா மஞ்சப்பையில் இரண்டு கணினி ஜாதகம் கொண்டு வந்திருந்தார். பெயர், தேதி, நேரம், ஊர் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். ஒன்றில் குருவும் சனியும் மகரத்தில் சேர்ந்து நின்றன. மற்றதில் குரு மகரம், சனி தனுசு. ஜாதகம் போட்டுக் கொடுத்த கடைக்காரர், கேட்டால் "ரெண்டும் கரெக்ட்டுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் விளக்கம் சொல்லியிருக்கலாம்.

ஒன்று திருக்கணிதம், மற்றது வாக்கியம். வாக்கியப் பஞ்சாங்கம் பழைய சூத்திரங்களை வைத்துப் போடுவது. காலப்போக்கில் சேர்ந்த வித்தியாசம் அதில் திருத்தப்படவில்லை. திருக்கணிதம் இன்றைக்கு வானத்தில் கிரகம் இருக்கிற இடத்தைக் கணக்கிட்டு, அதிலிருந்து அயனாம்சத்தைக் கழித்துப் போடுவது. சூரியன், சந்திரனில் இரண்டுக்கும் அதிக வேறுபாடு வராது. சனியில்தான் பெரிதாக விலகும்.

அந்த வருடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருக்கணிதப்படி சனி மகரத்துக்கு வந்தது 2020 ஜனவரி 24. வாக்கியப்படி அதே சனி மகரத்துக்கு வந்தது 2020 டிசம்பர் 27, மார்கழி 12. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி நடந்தது இந்த இரண்டாவது தேதியில்தான். ஒரே சனிக்கு நடுவில் பதினோரு மாதம். குருவுக்கு அவ்வளவு இல்லை. வாக்கியப்படி நவம்பர் 15, திருக்கணிதப்படி நவம்பர் 20.

ஆகவே டிசம்பர் 18 அன்று வாக்கியக் கணக்கில் சனி தனுசு ராசியின் கடைசிப் பாகையில் இருக்கிறார், குரு மகரத்துக்குள் பல பாகை நடந்துவிட்டார். யுத்தத்துக்கு இடமே இல்லை. லாகிரி அயனாம்சத்தோடு திருக்கணிதமாகப் போட்டால் குரு மகரம் 5 பாகை 42 கலை, சனி மகரம் 6 பாகை 1 கலை. ஓரிரு கலை முன்பின் இருக்கலாம். இடைவெளி ஏறத்தாழ 19 கலை, சந்தேகமில்லாத யுத்தம்.

சரி, எது நிஜம் என்றால், யுத்தம் என்பதே கண்ணால் கண்டு சொன்ன விஷயம். ஒளி, நிறம், அளவு, வடக்கு, தெற்கு என்று நூல்கள் பேசுவதெல்லாம் வானத்தைப் பார்த்துப் பேசுவது. அந்த மார்கழி 6, திங்கட்கிழமை இருட்டினதும் எங்கள் களத்திலிருந்து தென்மேற்கே பார்த்தோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் கண்ணுக்கு இரண்டு புள்ளி தெரிந்தது. கண்ணாடி போட்டிருந்த எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் இரண்டுக்கும் இடைவெளி 6 கலைதான், நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. கண் முன்னால் ஒட்டி நின்றதை வேறு ராசியில் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திதி, விரதம், கோயில் காரியத்துக்கு வாக்கியம் பார்க்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. யுத்தம் பார்க்க மட்டும் திருக்கணிதத்தைத்தான் எடுக்கிறேன்.

சரி, யுத்தம் இருக்குது. அப்ப தோத்தது யாருங்க? குருவா, சனியா?

இங்கேதான் சிக்கல். தோற்றவரைக் கண்டுபிடிக்க மூன்று வழி புழக்கத்தில் இருக்கிறது. வடக்கே நிற்பவர் ஜெயிப்பார், தெற்கே நிற்பவர் தோற்பார் என்பது ஒன்று. ஒளியும் உருவமும் பெரிதாக இருப்பவர் ஜெயிப்பார், மங்கிச் சிறுத்தவர் தோற்பார் என்பது இன்னொன்று. ஸ்புடத்தில் பாகை குறைவாக உள்ளவர் ஜெயிப்பார் என்பது மூன்றாவது. புத்தகக் கடையில் கிடைக்கிற கையேடுகளில் மூன்றாவதுதான் அதிகம் இருக்கும், ஏனென்றால் அதற்குக் கழித்தல் கணக்கு தெரிந்தால் போதும்.

இப்போது பேரன் ஜாதகத்தில் வைத்துப் பாருங்கள். அந்த நாட்களில் சனி வடக்கே, குரு தெற்கே. முதல் வழிப்படி சனி வெற்றி, குரு தோல்வி. ஒளியில் குரு சனியைவிடப் பத்து மடங்குக்கு மேல் பிரகாசம். இரண்டாவது வழிப்படி குரு வெற்றி. பாகையில் குரு 5.42, சனி 6.01. மூன்றாவது வழிப்படியும் குரு வெற்றி.

அதே தெருவில் டிசம்பர் 24 இரவு பிறந்த ஒரு பெண் குழந்தை இருந்தால்? குரு சனியைத் தாண்டிப் போயாகிவிட்டது. குரு ஏறத்தாழ 7 பாகை, சனி 6 பாகை 41 கலை. வடக்கில் இருப்பது இன்னும் சனிதான், பிரகாசம் இன்னும் குருதான். பாகை வழி மட்டும் புரண்டுவிட்டது, இப்போது சனி வெற்றி. ஆறு நாளில் வானத்தில் வெளிச்சமும் மாறவில்லை, வடக்கு தெற்கும் மாறவில்லை. முந்தினது யார் என்பது மட்டும் மாறியது. அதனால் பாகை வழியை நான் தனியாக நம்புவதில்லை.

பழைய நூல்களில் சூரிய சித்தாந்தத்தின் ஏழாம் அத்தியாயம் இதைச் சொல்கிறது. மறைக்கப்பட்டவன், சிறுத்தவன், ஒளியிழந்தவன், நிறம் மாறியவன், தெற்கே நிற்பவன் தோற்றவன். ஒளியும் உருவமும் பெரிதாக இருப்பவன் வடக்கே நின்றாலும் தெற்கே நின்றாலும் வென்றவன். வராகமிகிரரின் பிருஹத் சம்ஹிதையும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. அதாவது தெற்கே இருப்பது தோல்விக்கு ஓர் அடையாளம்தான், ஒளி அதை மிஞ்சிவிடும். இந்த வாசகத்தை எடுத்துக்கொண்டால் 2020 மார்கழியில் தெற்கே நின்ற குருதான் ஜெயித்தவர். அப்பத்தாவிடம் இப்படித்தான் சொன்னேன். வடக்கு விதியை மட்டும் பிடித்துக்கொண்டு இன்னொரு ஜோதிடர் சனி ஜெயித்தது என்றால், அவரும் வழக்கில் உள்ளதைத்தான் சொல்கிறார் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

கட்டத்துல வடக்கு தெற்கு எங்கீங்க இருக்குது?

கட்டத்தில் இல்லை. ஸ்புடம் என்பது கிரகம் ராசிப் பாதையில் எவ்வளவு தூரம் நடந்தது என்பது. பாதைக்கு வடக்கே ஒதுங்கி நடக்கிறதா, தெற்கே ஒதுங்கி நடக்கிறதா என்பது தனிக் கணக்கு, அதற்கு விட்சேபம் என்று பெயர். கணினி ஜாதகத்தில் பெரும்பாலும் இதை அச்சிட மாட்டார்கள். Stellarium மாதிரி வானம் காட்டும் செயலியில் பிறந்த தேதி, ஊர் கொடுத்துக் கிரகத்தின் மேல் தட்டினால் வந்துவிடும். இரண்டில் எதற்கு வடக்கு எண் அதிகமோ அது வடக்கே. இரண்டுமே கழித்தல் குறியோடு வந்தால் குறைவாகக் கழிபடுவது வடக்கே.

அன்றைக்குக் களத்தில் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கே வேண்டியிருக்கவில்லை. மேற்கே பார்த்து நின்றால் வடக்கு வலது கைப்பக்கம். பளிச்சென்று இருந்த குருவுக்கு வலப்பக்கத்தில் மங்கலாக ஒட்டிக்கொண்டிருந்தது சனி. அவ்வளவுதான்.

விட்சேபம் பார்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஸ்புடத்தில் இரண்டும் ஒரே பாகை, ஒரே கலையாக இருக்கும். ஆனால் ஒன்று வடக்கே மூன்று நான்கு பாகை தள்ளி நிற்கும். சுக்கிரன், புதன், செவ்வாய் விஷயத்தில் இது சகஜம். சூரிய சித்தாந்தம் அளக்கச் சொல்வது, இரண்டும் ஒன்றுக்கு நேர் ஒன்று வரும்போது உள்ள இந்த வடக்கு தெற்கு இடைவெளியைத்தான். அது ஒரு பாகைக்கு மேல் இருந்தால் அதற்குப் பெயர் சமாகமம், கூடிப் பிரிவது, யுத்தம் இல்லை. "யுத்தம்" என்று எழுதி வருகிற ஜாதகங்களில் இந்தச் சோதனையில் விழுந்துபோகிறவையும் உண்டு.

சுக்கிரன் மட்டும் எப்பவும் ஜெயிக்கும்ங்கறாங்களே?

பெரும்பாலும் ஜெயிப்பான் என்றுதான் நூல் சொல்கிறது, வடக்கே நின்றாலும் தெற்கே நின்றாலும். காரணம் எளிது. அந்த ஐந்தில் எப்போதுமே பிரகாசமாக இருப்பது சுக்கிரன்தான். 2023 மார்ச் தொடக்கத்தில் மீனத்தில் சுக்கிரனும் குருவும் அரைப் பாகையில் நெருங்கினபோது சுக்கிரன் வடக்கே, பிரகாசமும் அவனுக்கே. யாருக்கும் தகராறு இல்லை. 2025 ஆகஸ்ட் 12 அன்று மிதுனத்தில் நெருங்கினபோது தெற்கே நின்றான். வடக்கு விதி குருவைக் காட்டும், ஒளி சுக்கிரனைக் காட்டும். அந்த நெருக்கம் ஏறத்தாழ 0.9 பாகை, எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்ற யுத்தம்.

எத்தனை நாளைக்கு இந்த யுத்தம்?

வேகத்தைப் பொறுத்தது. சுக்கிரன் குருவைக் கடந்தால் இரண்டு நாளில் முடிந்துவிடும். குருவும் சனியும் இரண்டுமே மந்தம். 2020இல் தினமும் 6 கலை சொச்சம்தான் நெருங்கின. அதனால் டிசம்பர் 12 வாக்கில் தொடங்கி 30 வரை ஒரு பாகைக்குள்ளேயே இருந்தன. அந்தப் பத்தொன்பது நாளில் உலகத்தில் பிறந்த அத்தனை குழந்தைக்கும் இதே யுத்தம்தான். உங்கள் பேரனைத் தனியாகக் குறிபார்த்து வந்ததில்லை.

தோத்த கிரகம் எவ்வளவு பலம் இழக்கும்? அதுக்கு ஒரு கணக்கு இருக்குதுங்களா?

இருக்கிறது, அதிலும் இரண்டு கணக்கு. ஷட்பலம் என்று ஆறு வகைப் பலத்தைக் கூட்டுவார்கள். 60 ஷஷ்டியாம்சம் ஒரு ரூபம். குருவுக்குக் குறைந்தது 390, சனிக்கு 300 வேண்டும் என்பது வழக்கம்.

எளிதாகப் புரிய எண்களை நானே வைக்கிறேன். ஒரு ஜாதகத்தில் குரு 400, சனி 352. வித்தியாசம் 48. பராசர ஹோரை வழியில் அந்த 48ஐ அப்படியே ஜெயித்தவருக்குக் கூட்டி, தோற்றவருக்குக் கழிக்க வேண்டும். குரு ஜெயித்தால் 448, சனி 304. சனி ஜெயித்தால் சனி 400, குரு 352. பிந்தையதில் குரு தேவையான 390க்குக் கீழே இறங்கிவிடுகிறார். யார் தோற்றார் என்கிற முடிவு மொத்தப் பலனையும் புரட்டிப் போடுகிறது.

இன்னொரு வழியில் அந்த 48ஐ இரண்டு கிரகத்தின் பிம்ப அளவு வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். குருவுக்கு 190.4, சனிக்கு 158 என்று வைத்திருக்கிறார்கள். வித்தியாசம் 32.4. வகுத்தால் வருவது ஏறத்தாழ ஒன்றரை. குரு தோற்றாலும் 398.5, சனி தோற்றாலும் 350.5. ஒன்றுமே நடக்காத மாதிரிதான். (இந்த வழியில் ஆறு பலத்தையும் எடுக்காமல் சிலவற்றை மட்டும் கூட்டி வித்தியாசம் எடுப்பார்கள். விஷயம் விளங்கட்டும் என்று மொத்தத்தையே எடுத்தேன்.)

ஒரு மென்பொருளில் குரு பலவீனம் என்றும், மற்றொன்றில் பலம் என்றும் வந்தால் இது ஒரு காரணமாக இருக்கலாம். அச்சடித்த எண்ணைப் பார்த்துக் கலங்குவதற்கு முன்னால் எந்த வழியில் போட்டது என்று கேளுங்கள்.

குரு ஏற்கெனவே நீசமுங்க. அதோட யுத்தமும் சேர்ந்தா பையனுக்குப் படிப்பு வருமா?

மகரம் குருவுக்கு நீச வீடு, அதிலும் 5 பாகை பரம நீசம். பேரனுக்கு அதை இப்போதுதான் தாண்டியிருக்கிறது, உண்மைதான். ஆனால் யுத்தம் என்று பயமுறுத்தப்படுகிற அதே சனிதான் மகரத்தின் சொந்தக்காரர். அவர் ஆட்சியாகக் கூடவே நிற்பதை நீசபங்கம் என்றுதான் எல்லோரும் எடுக்கிறார்கள். ஒரே சேர்க்கையை ஒரு கையால் நீசபங்கம் என்று பாராட்டிவிட்டு மறு கையால் யுத்தம் என்று அடிப்பதா என்பதை அவரவர் யோசிக்க வேண்டும். வாக்கியப்படி போட்ட ஜாதகத்தில் யுத்தம் போகும்போது, கூடவே நின்று நீசபங்கம் கொடுத்த சனியும் முந்தின வீட்டுக்குப் போய்விடுகிறார். ஆக, இரண்டு ஜாதகத்திலிருந்தும் கெட்டதை மட்டும் பொறுக்கி எடுத்துச் சொல்வது முறையில்லை. அப்பத்தாவுக்கு நடந்தது அதுதான். படிப்பு வருமா என்று இந்த ஒன்றை வைத்து நான் சொல்ல மாட்டேன். லக்னம், இரண்டாமிடம், நான்காமிடம், புதன், நடக்கிற தசை பார்க்காமல் அது பேச்சே இல்லை.

கொடுமுடிக்குப் போயிப் பரிகாரம் பண்ணச் சொல்றாங்க.

போய்க் காவிரியில் முழுகிவிட்டு மகுடேசுவரரைக் கும்பிட்டு, வன்னி மரத்தைச் சுற்றி வாருங்கள், நல்லதுதான். யுத்தத்துக்கென்று அவசியமா என்றால், நான் மேலே சொன்ன இரண்டு நூலும் இந்த இடத்தில் தனி மனிதர் ஜாதகத்தைப் பற்றியே பேசவில்லை. அரசன், படையெடுத்து வருபவன், ஊர்க்காரன், நாடு என்றுதான் பிருஹத் சம்ஹிதை பலன் சொல்கிறது. பெரிய தொகை கேட்டு ஹோமப் பட்டியல் யாராவது நீட்டினால் அதை வாங்காமல் வந்துவிடுங்கள்.

வானத்துல நெசமாலுமே மோதிக்குதுங்களா?

இல்லை. அன்றைக்கு நமக்கும் குருவுக்கும் தூரம் ஏறத்தாழ 88 கோடி கிலோமீட்டர். சனிக்கு 162 கோடி. நடுவில் எழுபது கோடிக்கு மேல் வெற்று வெளி. நாம் பார்க்கிற கோணத்தில் ஒரே வரிசையில் வந்தன, அவ்வளவுதான். இதைச் சொல்ல விஞ்ஞானிதான் வேண்டும் என்றில்லை. யுத்தத்தை வகைப்படுத்திச் சொன்ன சூரிய சித்தாந்தமே அந்த அத்தியாயத்தை முடிக்கும்போது, இது உலகத்தாரின் நன்மை தீமைக்காகச் சொல்லப்பட்ட கற்பனை, கிரகங்கள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் தத்தம் பாதையில்தான் போகின்றன என்று எழுதிவிட்டது.

மறுபடியும் குருவும் சனியும் இப்படி எப்போ வரும்?

2040 அக்டோபர் கடைசியில், கன்னியில், விடியற்காலையில். பேரனுக்கு அப்போது இருபது வயது முடியப் போகும். ஸ்புடத்தில் இரண்டும் ஒரே கலைக்கு வரும், நிறைய பேர் "யுத்தம்" என்று எழுதுவார்கள். ஆனால் வடக்கு தெற்கு இடைவெளி அந்த முறை ஒரு பாகைக்குச் சற்று மேலே நிற்கும். சூரிய சித்தாந்தக் கணக்கில் அது சமாகமம்.